பறையும் கட்டளையும்

சென்ற மாதம் பெரும்பாக்கத்தில் ஒரு துக்க வீட்டிற்குப் போக நேர்ந்தது. 2015-ஆம் வருஷத்து வெள்ளத்திற்குப் பிறகு கூவக் கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் குடியேறியிருக்கும் எட்டு மாடிக் கட்டடங்களில் ஒன்று அது. வாசலில் நான்கு வாலிபர்கள் பழைய பத்திரிகைத் தாள்களைக் கொளுத்தி, பறையை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார்கள். கிராமமாயின் வைக்கோல் கிடைக்கும்; இங்கே வைக்கோலுக்கு எங்கே போவது? எரிந்த தாள்களில் நமது தலையங்கமும் ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். அவை அதைவிட நல்ல காரியத்திற்குப் பயன்பட்டதாக நாம் அறியோம்.

அவர்களில் மூத்தவர் சொன்ன வார்த்தை மனத்தைவிட்டு அகலவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பறை கற்றுக்கொடுக்கிறார். "அங்கே மாஸ்டர் என்கிறார்கள் ஐயா, ஊருக்குப் போனால் டேய் என்கிறார்கள். தோல் என்னவோ ஒன்றுதான்" என்றார் அவர். ஒரே கருவி, அடிப்பவரும் ஒருவரே. ஓரிடத்தில் கௌரவமும் மற்றோரிடத்தில் அவமானமும் எவ்வாறு நேர்கின்றன என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

கருவியைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. மூன்று வேப்பமரத் துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகடு கொண்டு இணைத்து வட்டமாக்குவார்கள். அதன்மேல் பதப்படுத்திய மாட்டுத் தோலை இழுத்துக் கட்டுவார்கள். பின்புறம் திறந்தே இருக்கும். இடக்கையில் மெல்லிய நீண்ட மூங்கிற் குச்சி. வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. ஈரக்காற்றுப் பட்டால் தோல் தளர்ந்து நாதம் மழுங்கிவிடும். சூடு காட்டினால் இறுகிக் கணீரென்று பேசும். இப்பொழுது சிலர் இரும்பு வளையமும் செயற்கைத் தோலும் பொருத்தித் திருகாணியால் முறுக்கிக்கொள்கிறார்கள். நெருப்புத் தேவையில்லை, மழைக்கும் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் அந்தப் பழைய கனத்த ஓசையும் இல்லை.

'பேசும்' என்று அலங்காரத்திற்காகச் சொல்லவில்லை. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தார் இன்றும் பேசுவதைப் பறைதல் என்றே வழங்குகின்றனர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்திருக்கிறது. புறநானூற்றின் 335-ஆம் பாட்டு, துடியன், பாணன், கடம்பன் ஆகியோருடன் பறையனையும் சேர்த்து நான்கு குடிகளைப் பெருமையுடன் கூறுகிறது. செய்தி சொன்னவனே பிற்காலத்தில் செய்தி கேட்கவும் தகுதியற்றவனாக ஒதுக்கப்பட்டான். அந்த இழிவு கடலையும் தாண்டிற்று. ஆங்கில அகராதியில் விலக்கப்பட்டவனைக் குறிக்கும் 'பரையா' என்ற சொல் நம்முடைய பறையிலிருந்து போனதே. உலகிற்கு நாம் அளித்த சொற்களில் இதுவும் ஒன்று என்பதை எண்ணித் தலைகுனியாத தமிழனும் உண்டோ? 1922-இல் சென்னைச் சட்டசபையில் எம். சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், சர்க்கார் ஏடுகளில் அந்த ஜாதிப் பெயருக்குப் பதிலாக ஆதி திராவிடர் என்ற பெயர் ஏற்கப்பட்டது. ஏட்டில் பெயர் மாறிற்று. ஊரில் வேலை மாறவில்லை.

அந்த வேலையின் தன்மையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ஊரில் யார் வீட்டில் சாவு நேர்ந்தாலும் சேரிக்கு ஆள் போகும். அகாலமா, தன் வீட்டில் நோயாளி உண்டா என்ற கேள்விக்கே இடமில்லை. கூலி பேசுவது வழக்கமில்லை. களத்தில் கொஞ்சம் நெல், சாவு வீட்டில் ஒரு துணி, குடிக்கக் கள்ளு. வரமாட்டேன் என்று சொன்னால் மறுநாள் வயலில் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை, கிணற்றுப் பக்கம் போக வழியில்லை. ஆகவே அங்கே ஒலித்தது தாளம் அன்று, கட்டளை. இதனாலேயே தென்னாற்காட்டில் எல். இளையபெருமாள் போன்றவர்கள், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று தம் மக்களைத் திரட்டிப் போராடினார்கள். பறையைக் கிழித்தும் கொளுத்தியும் பல ஊர்களில் இளைஞர்கள் சபதம் செய்தனர். அவர்கள் கலையின் விரோதிகள் என்று கூறுவோர், அடித்தவன் முதுகில் விழுந்த அடியை அறியாதவர்கள்.

பிறகு எதிர்த் திசையில் ஒரு காற்று வீசிற்று. 1990-ஐ ஒட்டி மதுரையிலும் திண்டுக்கல்லிலும் கலைக்குழுக்கள் அதே பறையை விடுதலையின் முழக்கமாகக் கையில் எடுத்தன. திண்டுக்கல் சக்திக் குழுவில் பெண்களே அடித்து ஆடினார்கள். சாவு மேளம் மேடை ஏறிற்று, கல்லூரி ஏறிற்று, கல்யாண வீட்டிற்கும் வந்தது. 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாம் மகிழ்கிறோம். ஆனால் விருதுச் செய்தியை வாசித்துவிட்டு, பறையின் இழிவு நீங்கிவிட்டதென்று நாற்காலியில் சாய்ந்துகொள்வோரிடம் நமக்கு உடன்பாடில்லை. கொளுத்தியவரும் கையில் எடுத்தவரும் ஒன்றுக்கொன்று மாறானவர் போலத் தோன்றினும், இருவரும் கேட்டது ஒன்றையே: மாட்டேன் என்று சொல்லும் உரிமை. மேடையில் அடிப்பவருக்கு அது இருக்கிறது. தூரத்து ஊரிலிருந்து தொகை பேசி வரும் குழுவுக்கும் இருக்கிறது. சொந்த ஊரில், தெரிந்த வீட்டார் கூப்பிடும்போதுதான் அது இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது. 23-வது ஷரத்து வெட்டிவேலையைத் தடுத்தது. 1955-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 7-ஏ பிரிவு, தீண்டாமையின் பேரால் செத்த பிராணியை அகற்றும்படி, தோலுரிக்கும்படி, குப்பை பெருக்கும்படி கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் வருஷத்துத் திருத்தம், பிணம் சுமக்கவும் குழி வெட்டவும் கட்டாயப்படுத்துவதைப் பெயர் சொல்லித் தடுத்தது. பறையடிக்கும்படி கட்டாயப்படுத்துவது எதிலும் பெயர் சொல்லப்படவில்லை! 'இதுபோன்ற வேறு வேலை' என்ற சொற்களிலோ வெட்டிவேலை என்ற பிரிவிலோதான் அதை நுழைத்து வழக்காட வேண்டும். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து, "பணம் கொடுத்தோமே, கட்டாயம் எங்கே?" என்பார். அதற்கு விடை 1982-இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவன் உழைக்கிறான் என்றால், பசியின் நிர்ப்பந்தமும் கட்டாயமே என்றது கோர்ட்டு. களத்து நெல்லையும் ஒரு துணியையும் காட்டி இனி எவரும் தப்ப முடியாது. ஆனால் புகார் கொடுப்பவன் மறுநாளும் அதே ஊரில் வாழவேண்டுமே!

சர்க்காரும் இதில் நிரபராதியல்ல. 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 21-வது ஆர்டர், 54-வது விதியைப் புரட்டிப் பாருங்கள். ஜப்தி உத்தரவைச் சொத்து இருக்குமிடத்தில் பறையடித்தோ வழக்கமான வேறு விதத்திலோ பிரசித்தம் செய்யவேண்டும் என்கிறது. ஏல விளம்பரத்திற்கும் அதுவே முறை. தமுக்கு அடித்ததா இல்லையா என்று ஏல ரத்து மனுக்களில் நாமே மணிக்கணக்காக வாதாடியிருக்கிறோம். அடித்தவர் யார், அவருக்கு மறுக்க இயலுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர், தண்டோரா வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கியை உபயோகிக்கும்படி கலெக்டர்களுக்கு எழுதினார். நல்ல காரியம். எனினும் அது நிர்வாகக் கடிதம். விதியின் வாசகம் அப்படியே நிற்கிறது. 'வேறு விதத்தில்' என்ற சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவதற்கு ஒரு வரித் திருத்தம் போதும். 7-ஏ பிரிவில் பறையடித்தலைப் பெயர் சொல்லிச் சேர்ப்பதற்கு மற்றொரு வரி. நமது சட்டசபை, பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இவ்விரண்டையும் இந்த வருஷமே கேட்கவேண்டும்.

பெரும்பாக்கத்து மூத்தவர் அன்று புறப்படுமுன் தொகையை எண்ணி வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் தமது ஊரில் ஒரு சாவுக்கு அழைப்பு வந்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருப்பதால் வரமுடியாதென்று முதல் முறையாகச் சொல்லி அனுப்பிவிட்டதாகவும் கூறினார். அவருடைய தகப்பனார் இன்னும் அந்த ஊரில்தான் குடியிருக்கிறார்.