சொற்சுருக்கமும் புள்ளியும்

சட்டமன்ற உறுப்பினரை 'எம்.எல்.ஏ.' என்று எழுதும் பழக்கம் நம் செய்தித்தாள்களை இன்னும் விட்டபாடில்லை. அதன் புள்ளிகளை நீக்கிவிட்டுத் தமிழ்க்கண்ணால் படித்துப் பாருங்கள். எம் என்றால் எம்முடைய. எல் என்றால் ஒளி. ஏ என்றால் அம்பு. மூன்றும் நல்ல தமிழ்ச் சொற்களே! ஆனால் எழுதியவன் கருதியது இவற்றுள் ஒன்றையுமன்று. ஆங்கில எழுத்துகள் மூன்றின் பெயர்களையே அவன் ஒலிபெயர்த்து வைத்திருக்கின்றான். ச.ம.உ. என்று மூன்றே எழுத்தில் முடியவேண்டியது ஐந்தெழுத்தாய் நீண்டு, பொருளும் இழந்து நிற்கின்றது.

இக்குழப்பம் தீர, சுருக்கங்கள் மூவகைப்படும் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். எழுத்தில் மட்டும் சுருக்கிப் படிக்கையில் முழுச்சொல்லாய் விரிப்பது ஒரு வகை. எழுத்தெழுத்தாகவே படிப்பது மற்றொன்று. முதலெழுத்துகள் கூடி ஒரே சொல்லாய் ஒலிப்பது மூன்றாவது.

முதல்வகை நமக்குப் புதிதன்று. பழைய ஆவணங்களில் ௵ என்று கண்டவர் ஆண்டு என்றே படித்தனர். ௸ என்பதை மேற்படி என்றனர். உரைநூல்களில் 'இ-ள்' என்றிருப்பதை இதன் பொருள் என்றும், 'எ-று' என்பதை என்றவாறு என்றும் விரித்தே படிக்கிறோம். முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் நிற்க, இடையில் விடுபட்டதை ஒரு சிறுகோடு காட்டுகின்றது. புள்ளிக்கு அங்கே வேலையில்லை. பிரித்தானிய அச்சுமுறையிலும் இதனையொத்த நெறியொன்றுண்டு. சொல்லின் ஈற்றெழுத்துச் சுருக்கத்திலும் நின்றால் புள்ளியிடார். தலைப்பகுதியோடு சொல்லை அறுத்துவிட்டால் புள்ளியிடுவர். அமெரிக்கரோ இரண்டிற்கும் புள்ளியிடுவர்.

சிக்கலெல்லாம் இரண்டாம் வகையில்தான். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, அது சொல்லில் தரும் ஒலி வேறு. ஆகவே பெயர்களை அடுக்கிச் சொன்ன அளவிலேயே அது எழுத்தெழுத்தாய்ப் படிக்கப்படுகின்றது என்பது செவிக்கு விளங்கும். தமிழிலோ மு என்னும் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. அதனால் எழுத்துகளைத் தனித்தனியே படிக்க வேண்டும் என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது புள்ளி ஒன்றே. (இது மெய்யெழுத்தின் தலைமேல் இடும் நம் புள்ளியன்று, மேலை அச்சுமுறையோடு வந்து வரியின் அடியில் நிற்பது.)

தி.மு.க. என்பதை எடுத்துக்கொள்வோம். ஈற்றிலுள்ள ககரத்தைச் செவிகொடுத்துக் கேளுங்கள். 'கல்' என்பதன் ககரம்போல் வல்லென்றே ஒலிக்கின்றது. 'அகம்' என்பதிற்போல நெகிழ்வதில்லை. ஏன்? ஒவ்வோரெழுத்தும் அங்கே தனிச்சொல்போல் தொடங்குகின்றது. இன்று பல தாள்கள் திமுக, பாமக என்று புள்ளியின்றி அச்சிடுகின்றன. அவ்வாறு ஒரு சொல்லாக்கியபின், தமிழொலி மரபின்படி இரண்டுயிர்க்கு இடைப்பட்ட ககரம் நெகிழ்தல் வேண்டும். வாயோ இன்னும் வல்லொலியையே கூறுகின்றது. எழுத்து ஒருவழி, நா ஒருவழி. கட்சிப்பெயர் அறிந்தவன் பிழையின்றிப் படித்துவிடுவான். புதிதாய்த் தமிழ் கற்பவன் என் செய்வான்?

இதனினும் உறுதியான சான்று வ.உ.சி. என்னும் பெயரில் உள்ளது. அதனை 'வஉசி' என்று எழுதிப் பாருங்கள். அளபெடை ஒழிந்த இடத்தில் உயிரெழுத்துச் சொல்லின் நடுவே தனித்து வாராது என்பது நம் எழுத்துமரபு. ஒரு சொல்லாய் ஒலிக்க வேண்டுமானால் உடம்படுமெய் தோன்றி 'வவுசி' என்றாகிவிடும். பெருமகனார் பெயரே மறைந்துபோகும்! ச.ம.உ. என்பதற்கும் இதுவே நிலை. ஆகவே இடையிலோ கடையிலோ உயிரெழுத்து நிற்கும் சுருக்கத்திற் புள்ளியை நீக்குதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

மூன்றாம் வகைக்கு யுனெசுகோ, நாசா என்பன எடுத்துக்காட்டு. இவை ஆங்கிலத்திலேயே சொல்லாகிவிட்டவை. தமிழில் ஒலிபெயர்க்கும்போது புள்ளியிட்டு 'நா.சா.' என்றால், நா என்று தொடங்கும் தமிழ்ச்சொல் எதுவோ என்று படிப்பவன் தேடுவான். ஐ.நா. என்பதோ ஐக்கிய நாடுகள் என்பதன் முதலெழுத்துகள்; ஆதலின் அதற்குப் புள்ளி வேண்டும். ('ஐக்கிய' என்னும் வடசொல்லை விலக்கி 'ஒன்றிய' என்பாரும் உளர், அவர்க்கு அது ஒ.நா. ஆகும்.)

வேற்றுமையுருபு சேருங்கால் புள்ளியை விட்டுவிடுவாரும் உளர். உடம்படுமெய்யும் உருபும் ஈற்றுப் புள்ளியின்பின்னரே வரவேண்டும்: தி.மு.க.வின், ஐ.நா.வில், ச.ம.உ.வை. சொற்றொடர் சுருக்கத்தோடு முடியுமிடத்து மட்டும் இரண்டு புள்ளி வேண்டா. சுருக்கத்தின் புள்ளியே முற்றுப்புள்ளியுமாகும்.