ஒரே படத்தில் இரண்டு காற்றா?

லோபாக் விளையாட்டு விழாப் பதாகையில் துணி தவறான பக்கம் பறக்கிறது என்று நான் குறை சொன்னதற்கு ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். துணி பறந்தாலே வேகம் தெரிந்துவிடுமாம். எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பது வீண்வேலையாம். போதாக்குறைக்கு நடராஜரையும் சாட்சிக்கு இழுக்கிறார்: சடை இருபுறமும் விரிகிறதே, அது எந்தக் காற்று என்று கேட்கிறார்.

சோழர் காலச் செப்புத்திருமேனியை அவர் நின்று பார்த்ததே இல்லை. ஆடுபவர் சுழல்கிறார். சுழலும் உடலிலிருந்து சடை எல்லாப் பக்கமும் வெளிநோக்கித்தான் எறியப்படும். முன்னால் நின்று பார்ப்பவருக்கு அது இரண்டு பக்கமும் விரிந்துதான் தெரியும். அந்தச் சிற்பிக்கு அசைவும் ஆடையும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை என்று தெரிந்திருந்தது. இத்தாலியில் ஆல்பெர்ட்டி 1435இல் ஓவியர்களுக்குச் சொன்னதும் இதைத்தான்: துணி பறக்க வேண்டுமானால் படத்தின் மூலையில் மேகத்துக்கு நடுவே காற்றுத் தேவனின் முகத்தை வரை, எல்லா ஆடையும் அதற்கு எதிர்ப்புறம் போகட்டும்.

இப்போது பதாகைக்கு வருவோம். கொட்டும் மழையில் ஒரு பெண் வலப்பக்கம் நோக்கி ஓடுகிறாள். கூந்தல் பின்னால் பறக்கிறது. தாவணி முன்னால் பறக்கிறது. பின்காற்று அடித்திருக்கும் என்கிறார் நம்மவர். சரி, கணக்குப் போடுவோம். அவள் நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறாள் என்றால், அதே வேகத்தில் பின்காற்று அடித்தால் தாவணி பறக்காது, தொங்கும். முன்னால் போக அதைவிடப் பலத்த காற்று வேண்டும். 9 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று கூந்தலையும் முன்னால் தள்ளியிருக்கும். பெரிய மழைத்துளி விழும் வேகமும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் மழை 45 பாகை சாய்ந்திருக்கும். படத்தில் மழை செங்குத்தாக இறங்குகிறது. பின்னாலிருக்கும் மரத்தில் ஓர் இலைகூடத் திரும்பவில்லை.

ஓடியவள் சட்டென்று நின்றால் துணி முன்னால் வீசும், உண்மை. ஆனால் நிற்பவளின் குதிகால் தரையில் ஊன்றியிருக்கும், உடல் பின்னால் சாய்ந்திருக்கும். இவளோ முன்னால் சாய்ந்து, முன்பாதத்தில் எகிறிக்கொண்டிருக்கிறாள்.

ஈரத்தை அவர் தொடவே இல்லை. நனைந்த தாவணி உப்பாது. மார்பிலும் தொடையிலும் ஒட்டிக்கொள்ளும். மடிப்புகள் தோளிலும் இடுப்பிலும் செருகிய இடத்திலிருந்து கிளம்பும். கனத்த முனை மட்டும் சற்றுப் பிந்தி வீசும், அதிலிருந்து நீர் தெறிக்கும். இந்தத் தாவணி கப்பற்பாய்போல உப்பி நிற்கிறது. உலர்ந்த துணியை வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

தாவணியை நனைத்து, ஓடும் திசைக்கு எதிரே ஒரு பெரிய விசிறியை வைத்து, முனையில் மீன்பிடி நரம்பைக் கட்டி ஒருவர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருந்தால் படம் சரியாக வந்திருக்கும். இந்த வேலையைச் செய்யாமல் விட்டதற்குக் கலைச் சுதந்திரம் என்று பெயர் சூட்டினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.