ஒற்றைக் கோடு நோயின்மைச் சான்று அன்று

நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸை மருத்துவமனையிலேயே கண்டறியும் விரைவுச் சோதனை, இந்தியப் பெருநகரங்களின் செல்லப்பிராணி மருத்துவமனைகளில் இன்று அன்றாடக் கருவியாகிவிட்டது. பஞ்சுக்குச்சியில் எடுத்த மலத்தைக் கரைசலில் கலந்து, அட்டையின் குழியில் சில துளிகள் இட்டால் போதும். பத்து நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். இரண்டு கோடுகள் தோன்றினால் பாசிட்டிவ். கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் தோன்றினால் நெகட்டிவ். இதில் குறைகூற ஒன்றுமில்லை. குறை, அந்தக் கோட்டைப் பார்த்தபின் சொல்லப்படும் வாக்கியத்தில் இருக்கிறது: ‘நெகட்டிவ் வந்துவிட்டது, ஆகவே பார்வோ இல்லை.’

இந்த ‘ஆகவே’ என்ற சொல்லுக்கு அட்டையில் எந்த ஆதாரமும் கிடையாது. சோதனைப் பெட்டியின் மேல் அச்சிட்ட ‘98% துல்லியம்’ போன்ற எண்ணே அதற்கு ஆதாரம் என்று பலர் நம்புகிறார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரியில் கற்றவர்களும் நம்புகிறார்கள். தேர்வுக்காக நான்கு கட்ட அட்டவணையை வரைந்து மதிப்பெண் பெற்றவர்களும் நம்புகிறார்கள். இது கணக்குத் தெரியாததால் வரும் பிழை அன்று. இரண்டு வெவ்வேறு வாக்கியங்களை ஒரே வாக்கியமாக வாசிப்பதால் வரும் பிழை.

அவ்விரு வாக்கியங்களையும் தமிழில் எழுதிப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் படும். ‘நோயுள்ள குட்டிகளில் எத்தனைக்குப் பாசிட்டிவ் வரும்?’ என்பது முதல் கேள்வி. ‘பாசிட்டிவ் வந்த குட்டிகளில் எத்தனைக்கு நோய் உண்டு?’ என்பது இரண்டாவது. ‘இல்’ என்ற உருபு எந்தத் தொகுதியின்மேல் நிற்கிறதோ, அதுவே பின்னத்தின் கீழ்எண். முதல் கேள்வியில் அது நோயுள்ளவற்றின் மேல் நிற்கிறது. இரண்டாவதில் பாசிட்டிவ் ஆனவற்றின் மேல் நிற்கிறது. முதல் கேள்விக்கான விடையே உணர்திறன். நோயற்ற குட்டிகளில் எத்தனைக்கு நெகட்டிவ் வரும் என்பதன் விடை, ஸ்பெசிஃபிசிட்டி எனப்படும் தனித்தன்மை. இரண்டும், நோய் நிலையை முன்பே அறிந்தவர் சோதனையைப் பற்றிக் கேட்பவை. மருத்துவர் நிற்கும் இடமோ நேர்எதிரானது. அவர் கையில் சோதனை முடிவு இருக்கிறது; நோய்தான் தெரியவில்லை. அவருக்கு வேண்டியது கணிப்பு மதிப்பு. அதைப் பெட்டியின் மேல் எவராலும் அச்சிட முடியாது. ஏனெனில், அந்த மருத்துவமனைக்கு வரும் குட்டிகளில் எத்தனைக்கு நோய் இருக்கிறது என்பதைச் சேர்க்காமல் அதைக் கணக்கிடவே இயலாது.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பார்வோ விரைவுச் சோதனையின் உணர்திறன் 60%, தனித்தன்மை 98% என்று கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். ஆயினும் நடப்பிலிருந்து விலகியவை அல்ல. பி.சி.ஆர். சோதனையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இத்தகைய அட்டைகளின் தனித்தன்மை பெரும்பாலும் உயர்ந்தே நின்றிருக்கிறது. உணர்திறனோ பாதியளவுக்கும், சிலவற்றில் அதற்குக் கீழும் இறங்கியிருக்கிறது.

முதல் இடம், ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. தடுப்பூசி போடாத, வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக வந்த 1000 குட்டிகள். அவற்றில் 600 குட்டிகளுக்குப் பார்வோ உண்டு என்க. 60% உணர்திறன் என்றால் அவற்றுள் 360 பாசிட்டிவ் ஆகும். 240 நெகட்டிவ் ஆகும். நோயற்ற 400 குட்டிகளில் 392 நெகட்டிவ், 8 பாசிட்டிவ். பாசிட்டிவ் ஆனவை மொத்தம் 368. அவற்றுள் 360 உண்மை நோயாளிகள். அதாவது ஏறத்தாழ 98%. பாசிட்டிவ் முடிவை இங்கே நம்பலாம். நெகட்டிவ் ஆனவை 632. அவற்றுள் நோயற்றவை 392 மட்டுமே, 62%. எஞ்சிய 240 குட்டிகளுக்கு நோய் இருக்கிறது. ‘பார்வோ இல்லை’ என்று சொல்லிப் பொது வார்டுக்கு அனுப்பப்படும் ஐந்து குட்டிகளில் ஏறத்தாழ இரண்டு, பார்வோவைச் சுமந்தே உள்ளே செல்கின்றன.

அந்த வார்டில் நடக்கப்போவது என்ன என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். இந்த வைரஸுக்கு உறை கிடையாது. தரையிலும் கூண்டிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கவல்லது. மருத்துவமனைகள் அன்றாடம் தரை துடைக்கப் பயன்படுத்தும் குவாட்டர்னரி அம்மோனியம் வகைக் கிருமிநாசினிகளை நம்பி இதனை அழிக்க இயலாது. ப்ளீச்சிங் கரைசல் போன்றவை வேண்டும். அடுத்த கூண்டில் எலும்பு முறிவுக்காகப் படுத்திருக்கும் தடுப்பூசி முடியாத குட்டிக்கு, அந்த ஒற்றைக் கோடு ஒரு தொற்றாக வந்து சேர்கிறது.

ஏன் இத்தனை நோயாளிகள் தப்புகிறார்கள் என்பதற்குக் காரணங்கள் உண்டு. அட்டை ஒளிர வேண்டுமானால் மலத்தில் குறிப்பிட்ட அளவு வைரஸ் ஆன்டிஜன் இருந்தாக வேண்டும். மலத்தில் வைரஸ் வெளியேறும் அளவு நாளுக்கு நாள் மாறுகிறது. உச்சம் சில நாட்களே. குட்டியை உரிமையாளர் அழைத்துவரும்போது அந்த உச்சம் கடந்திருக்கலாம். நீர்த்த கழிச்சலில் ஆன்டிஜனும் நீர்த்துப்போகும். நோய் முற்றுகையில் குடலில் சேரும் ஆன்டிபாடிகள் வைரஸைப் பற்றிக்கொள்வதால், அட்டையிலுள்ள ஆன்டிபாடிகளுக்குப் பற்ற இடமிராது. இக்கடைசிக் காரணத்தால்தான் ‘சந்தேகமிருந்தால் அதே அட்டையில் மறுபடியும் பார்’ என்ற அறிவுரையும் முழுத் தீர்வு ஆகாது. நோயின் தொடக்கத்தில் வந்த குட்டிக்கு மறுநாள் மறுசோதனை பயன்படும். ஆன்டிபாடியால் மறைந்துபோன குட்டிக்கோ இரண்டாம் நெகட்டிவ், முதல் நெகட்டிவின் எதிரொலி மட்டுமே.

இரண்டாம் இடம், தெருவிலிருந்து மீட்ட குட்டிகளைச் சேர்க்கும் ஒரு காப்பகம். ‘பார்வோ சோதனை செய்யாமல் எந்தக் குட்டியும் உள்ளே வரக் கூடாது’ என்ற விதி கேட்பதற்குப் பொறுப்பானதாக ஒலிக்கிறது. அதே அட்டை, அதே 60%, அதே 98%. நோய்க்குறி ஏதுமின்றி நலமாகத் தோன்றும் 1000 குட்டிகள் வருகின்றன. அவற்றுள் 10 குட்டிகளுக்குத் தொற்று உண்டு. 6 பாசிட்டிவ் ஆகும், 4 தப்பும். நோயற்ற 990 குட்டிகளில் 2% என்றால் ஏறத்தாழ 20 குட்டிகள் தவறாகப் பாசிட்டிவ் ஆகும். மொத்தப் பாசிட்டிவ் 26. உண்மையில் தொற்றுடையவை 6. அவசரப் பிரிவில் 98% ஆக இருந்த கணிப்பு மதிப்பு இங்கே 23% ஆகிவிட்டது. அட்டை மாறவில்லை, அட்டையின் முன்னே நிற்கும் கூட்டம் மாறிவிட்டது.

இந்த 20 குட்டிகளை என்ன செய்வார்கள்? பார்வோ வார்டில் அடைப்பார்கள். தடுப்பாற்றல் இல்லாத, நலமாக இருந்த குட்டிகளை, உண்மையான நோயாளிகள் இருக்கும் அறைக்குள் சோதனையின் பெயரால் அனுப்புவார்கள். அங்கே அவற்றுக்கு நோய் வந்தால், ‘சோதனை சரியாகத்தான் சொன்னது’ என்று பதிவேட்டில் எழுதப்படும். பொய்ப் பாசிட்டிவ் தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் கொடுமை இது. வந்தவுடன் உயிருள்ள தடுப்பூசி போட்டுச் சில நாட்கள் கழித்துச் சோதித்தால், தடுப்பூசி வைரஸே மலத்தில் வெளியேறி, அரிதாக ஆயினும், இரண்டாம் கோட்டை வரைந்துவிடக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்தத் ‘துல்லியம்’ என்ற சொல். மொத்த முடிவுகளில் சரியானவை எத்தனை என்பதே அதன் பொருளாயின், காப்பகத்தில் இந்த அட்டை 6 பாசிட்டிவும் 970 நெகட்டிவும் சரியாகச் சொல்கிறது: 97.6%. இப்போது அட்டையைக் குப்பையில் எறிந்துவிட்டு, வரும் குட்டிகள் அனைத்துக்கும் ‘நெகட்டிவ்’ என்று ஒரு ரப்பர் முத்திரை குத்தினால், 990 முடிவுகள் சரியாக இருக்கும்: 99%. ஒரு நோயாளியையும் கண்டறியாத முத்திரை, அட்டையைவிடத் துல்லியமானதாகிவிடுகிறது! அதே அட்டை அவசரப் பிரிவில் 752 முடிவுகளைச் சரியாகச் சொல்கிறது, துல்லியம் 75.2%. எந்தக் கூட்டத்தில் அளந்தது என்று சொல்லாமல் துல்லியத்தை ஒற்றை எண்ணாக விற்பது பொருளற்றது. நோய் உச்சத்திலிருந்த நாய்களையும் முழு நலமான நாய்களையும் மட்டும் ஒப்பிட்டு அளந்திருந்தால், இடைப்பட்ட, குழப்பமான குட்டிகள் அந்த எண்ணுக்குள் நுழையவே இல்லை. மருத்துவரிடம் வருபவையோ பெரும்பாலும் அத்தகையவை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். பி.சி.ஆர். மிக நுண்ணியது, நோய்க்குக் காரணமாகாத சிறிதளவு வைரஸையும் அது பிடித்துவிடும், ஆகவே அதனோடு ஒப்பிட்டால் அட்டையின் உணர்திறன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும் என்பது முதல் மறுப்பு. இது நியாயமானது. 60% என்பதை 80% ஆக உயர்த்தியே பார்க்கலாம். அவசரப் பிரிவில் அப்போதும் 600 நோயாளிகளில் 120 பேர் நெகட்டிவ் ஆவார்கள். நெகட்டிவ் ஆன 512 குட்டிகளில் 120 என்பது நான்கில் ஒன்றுக்குச் சற்றே குறைவு. கூண்டு மாற்றும் முடிவை எடுக்க அந்த நம்பிக்கை போதாது.

இரண்டாவது மறுப்பு, ‘ஒன்றுமில்லாததற்கு இது மேல்’ என்பது. பாசிட்டிவ் முடிவுக்கு அது உண்மை. நோய்க்குறியுள்ள குட்டிக்குப் பாசிட்டிவ் வந்தால், பத்து நிமிடத்தில் தனிமைப்படுத்திச் சிகிச்சை தொடங்கலாம். அந்தப் பயனை மறுப்பவர் இல்லை. நெகட்டிவ் முடிவுக்கோ அது உண்மை அன்று. சோதிக்கும் வசதியே இல்லாத மருத்துவர், தடுப்பூசி போடாத மூன்று மாதக் குட்டி இரத்தக் கழிச்சலுடன் வந்தால் பார்வோ என்றே கொண்டு தனியறையில் வைப்பார். அட்டை கையிலிருப்பவர், ஒற்றைக் கோட்டை நம்பி அந்தக் கதவைத் திறந்துவிடுகிறார். தவறான உறுதி, அறியாமையைவிட அதிகத் தீங்கு செய்யும் இடம் இது.

ஆகவே கோரிக்கை அட்டையைத் தடைசெய்வது அன்று. நோய்க்குறியுள்ள குட்டிக்கு நெகட்டிவ் வந்தால், தடுப்பூசி விவரமும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் பார்வோவைச் சுட்டும்வரை அது பார்வோ நோயாளியாகவே தனித்திருக்க வேண்டும். முடிந்த இடத்தில் மாதிரி பி.சி.ஆருக்குச் செல்ல வேண்டும். காப்பகங்கள் நலமான குட்டிகள் அனைத்தையும் அட்டையில் சலிப்பதை விட்டு, வந்த அன்றே தடுப்பூசி போட்டுத் தனித்து வைத்துக் கவனித்து, நோய்க்குறி தோன்றியதைச் சோதிக்க வேண்டும். கல்லூரிகள் தேர்வில் நான்கு கட்ட அட்டவணையை வரையச் சொல்வதோடு நில்லாமல், அதே அட்டையை இரண்டு கூட்டங்களில் வைத்துக் கணக்கிடச் சொல்ல வேண்டும். மருத்துவமனை அறிக்கையில் ‘பார்வோ: இல்லை’ என்று எழுதும் இடத்தில், ‘இந்த மாதிரியில் ஆன்டிஜன் தென்படவில்லை, பார்வோ விலக்கப்படவில்லை’ என்று எழுத வேண்டும். அட்டை உண்மையில் சொன்னது அவ்வளவுதான்.