தடையா, தேவையின்மையா? ஒரு பாதுகாப்பு அறிவுறுத்தலின் ஜெர்மன் மொழியாக்கத்தில் ‘வேண்டாம்’

புதுச்சேரி பாகூர் கொம்யூனைச் சேர்ந்த செலியமேட்டில் ஒருவர் தம் வீட்டின் ஒரு பகுதியை ஜெர்மானியர் ஒருவருக்கு வாடகைக்கு விடுகிறார் எனக் கொள்வோம். ஆரோவிலில் ஜெர்மானியர் கணிசமாக வாழ்வதால் இது நடவாத செய்தியன்று. சமையலறையில் எரிவாயு உருளை இருக்கிறது. சுவரில் ஒரு தாள் ஒட்ட வேண்டும். வீட்டுக்காரர் தமிழில் எழுதித் தருவது இதுதான்: “கேஸ் வாடை வந்தால் சன்னலைத் திறந்து சுவிட்சைப் போட வேண்டாம்.” ஊரில் எவரும் பிழையின்றிப் புரிந்துகொள்ளும் தொடர் இது. இதை ஜெர்மனில் பெயர்ப்பவர் மூன்று இடங்களில் முடிவெடுத்தாக வேண்டும். அவற்றுள் ஒன்றில் தவறினால் விலக்கு அனுமதியாக மாறிவிடும். தமிழ் எதிர்மறை வினைகளை வடிவ அளவில் மட்டும் பிறமொழியோடு இணைகாட்டும் பழக்கத்தின் குறையை இந்தச் சிறு தொடர் வெளிப்படுத்துகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நிபந்தனை

‘வந்தால்’ என்பதில் இறந்தகால இடைநிலை உண்டு. இறந்தகாலப் பொருள் இல்லை. தொல்காப்பியம் ‘செயின்’ என்னும் வாய்பாட்டால் சுட்டும் வினையெச்சப் பொருளை இக்கால வழக்கில் பெரும்பாலும் ‘-ஆல்’ ஈறு தாங்குகிறது. ஆகவே ஜெர்மனில் இறந்தகால வினையை நாடத் தேவையில்லை. நிகழ்கால வினையே போதும்.

எந்த இணைப்புச்சொல்லைத் தேர்வது என்பதே இங்கு எழும் வினா. ஜெர்மனில் ‘வென்’ என்பது ‘நிகழ்ந்தால்’, ‘நிகழும்போது’ ஆகிய இரு பொருளையும் தரும். ‘ஃபால்ஸ்’ என்பது நிகழுமோ நிகழாதோ என்னும் ஐயத்தை மட்டும் தரும். தமிழின் ‘-ஆல்’ முன்னதைப் போன்றது. ‘உருளை தீர்ந்தால் ரெகுலேட்டரைக் கழற்றவும்’ என்னும்போது உருளை தீர்வது உறுதி; அங்கே ‘ஃபால்ஸ்’ பொருந்தாது. வாடை வருவது உறுதியற்றதாயினும், ‘ஃபால்ஸ்’ அதைத் தொலைவான நிகழ்வுபோல் ஒலிக்கச் செய்யக்கூடும். ‘வென்’ பாதுகாப்பான தேர்வு. ஜெர்மன் அறிவிப்புப் பலகைகளின் நடையில் ‘பை காஸ்கெருக்’, அதாவது ‘எரிவாயு வாடையின்போது’ எனப் பெயர்ச்சொல்லாகவே அமைப்பதும் உண்டு. இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் பெருந்தீங்கு நேராது.

எதிர்மறை

தீங்கு நேரும் இடம் ‘வேண்டாம்’. உடன்பாட்டில் ‘போட வேண்டும்’ என்பது கடமையைக் குறிக்கும். ஜெர்மனில் அதற்கு இணை ‘ம்யூசென்’ என்னும் துணைவினை. ஆகவே எதிர்மறைக்கு ‘ம்யூசென்’ என்பதோடு ‘நிஷ்ட்’ அல்லது ‘கைன்’ சேர்த்தால் போதும் என்று இணைப்பட்டியலை நம்புபவர் கருதுவார். அவர் எழுதுவது இவ்வாறு அமையும்: “வென் ஸீ காஸ் ரீஹென், ம்யூசென் ஸீ கைனெ ஷால்டர் பெடேடிகென்.” இலக்கணப் பிழை ஏதும் இதில் இல்லை. ஆனால் ஜெர்மானியர் இதிலிருந்து கொள்ளும் பொருள், “எரிவாயு வாடை வந்தால் நீங்கள் சுவிட்ச் எதையும் இயக்கவேண்டிய கட்டாயமில்லை” என்பதாகும். விரும்பினால் இயக்கலாம் என்பது அதன் உட்பொருள். விலக்கைக் குறிக்க ஜெர்மன் வேறொரு துணைவினையை நாடுகிறது: ‘ட்யூர்ஃபென்’ என்பதன் எதிர்மறை. “ட்யூர்ஃபென் ஸீ கைனெ ஷால்டர் பெடேடிகென்” என்றால்தான் “எச்சுவிட்சையும் இயக்கக் கூடாது” என்றாகும்.

இந்தப் பிழைக்குக் காரணம் மொழிபெயர்ப்பாளரின் கவனக்குறைவு மட்டுமன்று. தமிழில் ‘வேண்டாம்’ இரு பொருள் தாங்குகிறது. ‘நாளை நீங்கள் வர வேண்டாம்; நானே வருகிறேன்’ என்பதில் தேவையின்மை; ‘அந்தக் கம்பியைத் தொட வேண்டாம்’ என்பதில் விலக்கு. கேட்பவர் சூழலைக்கொண்டு பிரித்தறிகிறார். ஜெர்மன் இவ்விரண்டையும் வெவ்வேறு துணைவினைகளுக்குப் பகிர்ந்தளித்துவிடுவதால், தமிழ் சூழலிடம் விட்டுவைத்த முடிவைப் பெயர்ப்பவரே எடுத்தாக வேண்டும்.

ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொள்பவருக்கு இன்னொரு கண்ணி உள்ளது. ‘மஸ்ட்’ என்பதும் ‘ம்யூசென்’ என்பதும் உடன்பாட்டில் இணைகள். எதிர்மறையில் ‘மஸ்ட் நாட்’ விலக்கைக் குறிக்கும். ‘ம்யூசென்’ எதிர்மறையோ தேவையின்மையைக் குறிக்கும். ‘வேண்டாம்’ விலக்கே என்று சரியாக உணர்ந்து ஆங்கிலத்தில் ‘மஸ்ட் நாட்’ என எழுதியவரும், அடுத்த படியில் அதே பள்ளத்தில் விழக்கூடும்.

எச்சமும் எதிர்மறையின் எல்லையும்

மூன்றாவது இடம் ‘திறந்து’. தமிழில் முற்றுவினையின் எதிர்மறை, தனக்கு முன்னுள்ள செய்து வாய்பாட்டு எச்சத்தையும் தன் எல்லைக்குள் இழுத்துக்கொள்ளலாம், விட்டுவிடவும் செய்யலாம். ‘பதறி ஓட வேண்டாம்’ என்பதில் பதறுவதும் விலக்கப்படுகிறது. ‘சன்னலைத் திறந்து சுவிட்சைப் போட வேண்டாம்’ என்பதில் திறத்தல் ஏவப்படுகிறதா, விலக்கப்படுகிறதா? வீட்டுக்காரரின் கருத்து ஏவலே. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டித் தேங்கும். அது வெளியேற சன்னலோடு கதவையும் திறப்பது நல்லது. இதை அறியாத மொழிபெயர்ப்பாளர் எச்சத்தை முற்றோடு ஒரே விலக்கில் அடைத்துவிட்டால், ஜெர்மானியர் சன்னலைத் திறக்காமல் நிற்பார்.

‘போட’ என்ற சொல்லிலும் ஒரு குறை உண்டு. சுவிட்சை அணைக்கும்போதும் தொடுமுனைகளில் பொறி எழலாம். ஜெர்மனின் ‘பெடேடிகென்’ போடுதல், அணைத்தல் இரண்டையும் உள்ளடக்கும். தமிழ்ச் சொல்லோ பாதியை மட்டுமே விலக்குகிறது. இங்கு மொழியாக்கம் மூலத்தைவிடத் திருத்தமாக அமைகிறது. மூலமும் அதற்கேற்பத் திருத்தப்பட வேண்டும்.

தமிழிலேயே தீர்த்தல்

இவ்வையங்களை ஜெர்மனில் தீர்க்க முயல்வதைவிடத் தமிழிலேயே முதலில் தீர்த்துக்கொள்வது தக்கது. அறிவுறுத்தலை இவ்வாறு மாற்றி எழுதலாம்: “கேஸ் வாடை வந்தால் சன்னல்களையும் கதவுகளையும் திறக்கவும். எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது.” எச்சம் தனித்தொடராகப் பிரிந்ததால் எதிர்மறையின் எல்லை தெளிவாகிறது. ‘கூடாது’ என்பது பழைய உரைநடையில் ‘இயலாது’ என்னும் பொருளிலும் வழங்கியதுண்டு. எனினும் இன்றைய அறிவிப்பு நடையில் அதை விலக்காக அன்றி வேறாகக் கொள்வார் அரியர். ஜெர்மன் வடிவமும் இரு தொடராக எளிதில் அமையும்: “பை காஸ்கெருக் ஃபென்ஸ்டர் உண்ட் ட்யூரென் ஓஃப்னென். கைனெ ஷால்டர் பெடேடிகென்.” செயவென் எச்சத்தை ஒத்த வினைவடிவத்தாலேயே ஏவலையும் விலக்கையும் உணர்த்தும் இந்நடையில் துணைவினையே தோன்றாததால், ‘ம்யூசென்’ புகுவதற்கும் இடமில்லை.

பெயர்த்ததைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஜெர்மன் தொடரை மட்டும் படித்த ஒருவரிடம் “இப்போது சுவிட்சைத் தொடலாமா? சன்னலைத் திறக்கலாமா?” என்று கேட்க வேண்டும். முதலாவதற்கு ‘கூடாது’ என்றும் இரண்டாவதற்கு ‘திறக்க வேண்டும்’ என்றும் விடை வந்தால் தாளை ஒட்டலாம். ‘தொட்டாலும் தொடாவிட்டாலும் சரி’ என்ற விடை வந்தால் ‘ம்யூசென்’ நுழைந்துவிட்டது என்று பொருள்.

ஒப்பீட்டு இலக்கணம் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் ‘வேண்டும் – ம்யூசென்’ என்ற இணையைத் தந்து, எதிர்மறை தானே பின்தொடரும் என விட்டுவிடுதல் போதாது. தேவையின்மை, விலக்கு, இயலாமை என எதிர்மறைப் பொருள்களை முதலில் வகுத்து, ஒவ்வொன்றையும் இரு மொழியும் எவ்வினையால் உணர்த்துகின்றன எனக் காட்டும் பட்டியலே பயன்தரும். அப்பட்டியலில் ‘வேண்டாம்’ இரு கட்டங்களில் இடம்பெற வேண்டும்.