ரத்து என்ற ஒரு சொல் போதாது

பிரான்சில் இயங்கும் இணையக் கடை அல்லது சந்தா சேவை ஒன்றின் நிபந்தனைகளைத் தமிழில் தர முனைபவர் முதலில் தடுக்கி விழும் இடம் ‘ரத்து’. பிரெஞ்சு மூலத்தில் மூன்று தனிச்சொற்கள் இருக்கின்றன: ரெத்ராக்தாசியோன், ரெசிலியாசியோன், ரெசொலுசியோன். மூன்றுமே ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் வழிகள். அன்றாடப் பேச்சில் மூன்றையும் ‘ரத்து செய்வது’ என்றே நாம் சொல்வோம். எளிய தமிழ் என்ற பெயரில் அப்படியே எழுதினால் படிக்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பணம் திரும்ப வருமா, எவ்வளவு வரும், எப்போது வரும் என்பது அதோடு தொலைந்துபோகும்.

இந்தத் தமிழைப் படிக்கப்போகிறவர் பாரிஸின் லா ஷப்பல் பகுதியிலோ அதன் புறநகர்களிலோ வாழும் ஈழத்தமிழர், அல்லது புதுச்சேரியிலிருந்து போய்க் குடியேறியவர். கடைக்குப் போய்ப் பேசும் அளவுக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்கும். பதினைந்து பக்க நிபந்தனையைப் படிக்கும் அளவுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1994 ஆகஸ்ட் 4ஆம் தேதியிட்ட தூபோன் சட்டம், நுகர்வோருக்குத் தரப்படும் இத்தகைய தகவல் பிரெஞ்சில் இருந்தே ஆகவேண்டும் என்கிறது. தமிழ் அதன் பக்கத்தில் வைக்கப்படும் துணைப்பிரதிதான். தகராறு வந்தால் பிரெஞ்சு வரியைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் தமிழில் பிழை இருந்தால் பரவாயில்லை என்று ஆகிவிடாது. படிப்பவர் தமிழை நம்பித்தான் நாளைக் கணக்கிடுவார், கடிதம் அனுப்புவார். கெடு தவறினால் இழப்பு அவருடையது.

மூன்று வழிகளையும் பிரித்துப் பார்ப்போம். ரெத்ராக்தாசியோன் என்பது இணையத்தில் வாங்கியதைக் காரணமே சொல்லாமல் 14 நாட்களுக்குள் வேண்டாமென்று விடும் உரிமை. பிரெஞ்சு நுகர்வோர் சட்டத்தொகுப்பின் L221-18 பிரிவு இதைத் தருகிறது. ரெசிலியாசியோன் என்பது ஓடிக்கொண்டிருக்கும் சந்தாவை இனிமேல் வேண்டாமென்று நிறுத்துவது. அனுபவித்த மாதங்களுக்குக் கொடுத்த பணம் திரும்பாது. ரெசொலுசியோன் என்பது எதிர்த்தரப்பு சொன்னபடி நடக்காததால் ஒப்பந்தத்தையே முறிப்பது. சொன்ன நாளில் பொருள் வரவில்லை, நியாயமான கூடுதல் கெடு கொடுத்து எழுதியும் வரவில்லை என்றால் முறிக்கலாம். கொடுத்த பணம் முழுவதையும் 14 நாட்களுக்குள் கடை திருப்பித் தரவேண்டும். இவற்றை நான் விலகல், நிறுத்தம், முறிவு என்று எழுதுவேன். வேறு சொற்களை விரும்புபவர்கள் வேறு எழுதலாம். ஆனால் முதன்முறை வரும்போது பணத்துக்கு என்ன ஆகும் என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும். பிறகு கடைசிப் பக்கம்வரை அதே சொல்தான். பள்ளியில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாதே என்று சொல்லித் தந்தார்கள். ஒப்பந்தத்தில் அந்தப் பாடத்தை மறந்துவிட வேண்டும். ஓரிடத்தில் ‘விலகல்’, இன்னோரிடத்தில் ‘விட்டுவிடுதல்’ என்று எழுதினால், இரண்டும் வெவ்வேறு உரிமைகள் என்று படிப்பவர் நினைப்பதில் தவறே இல்லை.

நிறுத்தத்தில் இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. இணையத்தில் சந்தா சேர முடிகிற சேவையை இணையத்திலேயே நிறுத்தவும் வழி இருக்கவேண்டும் என்ற விதி 2023 ஜூன் 1 முதல் பிரான்சில் நடைமுறையில் இருக்கிறது. அதற்கான பொத்தானில் `résilier votre contrat` என்று எழுதியிருக்கும். தமிழ்ப் பிரதியில் இதை ‘நிறுத்து பொத்தான்’ என்று மட்டும் போட்டால், திரையில் அப்படி எதுவும் இல்லையே என்று படிப்பவர் தேடிக்கொண்டிருப்பார். திரையில் தெரிவதைத் தெரிகிறபடியே தந்து, பக்கத்தில் பொருள் சொல்வதுதான் சரி.

விலகலை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம். ஒருவர் 240 யூரோவுக்குத் தையல் இயந்திரம் வாங்குகிறார், சாதாரண அஞ்சல் செலவு 9 யூரோ. பெட்டி மாதத்தின் 3ஆம் தேதி, சனிக்கிழமை கைக்கு வருகிறது. நிபந்தனையில் ‘பொருள் கிடைத்ததிலிருந்து 14 நாட்கள்’ என்று இருக்கிறது. பலர் இதை 16ஆம் தேதி என்று எண்ணுவார்கள். சட்டப்படி, கிடைத்த நாள் கணக்கில் சேராது; 4ஆம் தேதிதான் முதல் நாள், 17ஆம் தேதி பதினான்காம் நாள். அதுவும் சனிக்கிழமை. கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாள்வரை கெடு நீளும். ஆக 19ஆம் தேதி, திங்கள் இரவுவரை அவருக்கு நேரம் இருக்கிறது. அதற்குள் விலகும் கடிதத்தை அனுப்பிவிட்டால் போதும். கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. அனுப்பியதற்கான சான்றை மட்டும் அவர் வைத்திருக்கவேண்டும்.

இதை எளிய தமிழில் இப்படி எழுதலாம்: “பெட்டி உங்கள் கைக்கு வந்த நாளை விட்டுவிடுங்கள். மறுநாளை முதல் நாளாக எண்ணுங்கள். 14ஆம் நாள் முடிவதற்குள் நீங்கள் விலகுவதாக எங்களுக்கு எழுதி அனுப்பவேண்டும். அந்த நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையாக இருந்தால், அடுத்த வேலை நாள் முடியும்வரை அனுப்பலாம்.” மூலத்தில் ஒரே வரி, தமிழில் நான்கு. எளிமை என்றால் சுருக்கம் என்று நினைப்பவர்களுக்கு இது உறுத்தும். மூல வரி சட்டத்தொகுப்பின் பிரிவுகள் மேல் சாய்ந்து நிற்கிறது. அந்தப் பிரிவுகளைத் திறந்து பார்க்க முடியாதவருக்காகத்தானே தமிழில் எழுதுகிறோம்? அப்போது அவை சொல்வதும் தமிழ்ப் பிரதிக்குள் வந்தாகவேண்டும்.

பணம் திரும்பும் வரியில் வேறு வகைப் பிழை நேர்கிறது. கடை ‘நியாயமற்ற தாமதமின்றி, எப்படியும் தகவல் அறிந்த 14 நாட்களுக்குள்’ அஞ்சல் செலவு உட்பட எல்லாவற்றையும் தரவேண்டும் என்பது சட்டம். எளிமைப்படுத்துகிறவர் கை முதல் பாதியை வெட்டிவிடுகிறது: ‘14 நாட்களில் பணம் வரும்.’ ஆனால் பதினான்கு என்பது எல்லைதான், காத்திருந்தே ஆகவேண்டிய காலம் இல்லை. ‘உடனே தரவேண்டும், எந்தக் காரணத்தாலும் 14 நாட்களைத் தாண்டக்கூடாது’ என்று எழுதினால் இரண்டு பாதியும் நிற்கும். பொருள் திரும்பி வரும்வரை, அல்லது அனுப்பியதற்கான சான்றை வாங்கியவர் காட்டும்வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை கடை பணத்தை நிறுத்திவைக்கலாம் என்பதையும் சொல்லவேண்டும். நம் எடுத்துக்காட்டில் 249 யூரோவும் திரும்ப வரும். திருப்பி அனுப்பும் செலவு, கடை முன்கூட்டியே அப்படிச் சொல்லியிருந்தால், வாங்கியவர் தலையில்.

விதிவிலக்குகளில்தான் பெரிய சேதம் நடக்கிறது. பிரெஞ்சு வாக்கியம் உரிமையை முதலில் சொல்லிவிட்டு விலக்கை வாலில் கட்டும். தமிழ் நிபந்தனையை முன்னே வைத்து வினையில் முடியும். நீண்ட வாக்கியத்தை உடைக்கும்போது வால் அறுந்து தனியாக விழுந்துவிடுகிறது. பதிவிறக்கும் மின்னூலுக்கும் பாடத்தொகுப்புக்கும் விலகும் உரிமை இல்லை என்று பலர் நம்புவதற்கு இத்தகைய அறுந்த வரிகளும் ஒரு காரணம். பணம் கொடுத்து வாங்கியதாக இருந்தால், சட்டம் அந்த உரிமையைப் பறிப்பது மூன்றும் சேர்ந்து நடந்தால்தான்: கெடு முடியுமுன்பே தரும்படி வாங்கியவர் வெளிப்படையாகச் சம்மதித்திருக்கவேண்டும், அதனால் உரிமை போய்விடும் என்பதை ஏற்றிருக்கவேண்டும், அந்தச் சம்மதத்தைக் கடை உறுதிப்படுத்தி அனுப்பியிருக்கவேண்டும். தமிழில் ‘மூன்றும் நடந்திருந்தால் மட்டுமே’ என்ற சொற்களை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வைப்பேன். ‘மேலும்’, ‘அத்துடன்’ என்று கோத்துக்கொண்டே போனால், ஏதாவது ஒன்று நடந்தாலே போதும் என்று படித்துவிடுகிறார்கள்.

தமிழுக்குள்ளேயே கிடைக்கும் துல்லியத்தையும் கைவிடக்கூடாது. பிரெஞ்சில் ‘நூ’ என்றால் நாம், நாங்கள் இரண்டும். தமிழ் இவற்றைப் பிரிக்கிறது. நிறுவனம் பேசும் இடங்களில் எல்லாம் ‘நாங்கள், எங்கள்’ என்றே வரவேண்டும். விளம்பரப் பழக்கத்தில் ‘நமது சேவை, நமது தரவு’ என்று எழுதினால் தரவு யாருடையது என்பதே குழம்பும். தமிழ் எழுவாயை விட்டுவிட்டும் பேசும்: ‘கணக்கை முன்னறிவிப்பின்றி முடக்கலாம்.’ யார்? ஒவ்வொரு வினைக்கும் ஆளைப் போடுவது சலிப்பாகத் தோன்றினாலும் போட்டாக வேண்டும்.

முன்பணத்துக்கும் நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. பிரெஞ்சில் ‘ஆர்’ என்பதும் ‘அக்கோந்த்’ என்பதும் முன்பணமே. முதலாவதைக் கொடுத்தவர் அந்தப் பணத்தை இழந்துவிட்டு விலகலாம், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தரவேண்டும். இரண்டாவதைக் கொடுத்தால் இரு தரப்பும் கட்டுப்பட்டாயிற்று. வாங்குபவர் மீதியையும் கொடுக்கவேண்டியிருக்கும். ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால் முன்பணம் முதல் வகை என்றே கொள்ளப்படும். முதலாவதுக்கு ‘அச்சாரம்’ கச்சிதமாகப் பொருந்துகிறது. ஊரில் வீடு பேசி அச்சாரம் கொடுத்தவருக்கு அதன் பாதி விளக்கமே தேவையில்லை. இரட்டிப்பு விதியை மட்டும் எழுதிவைத்தால் போதும். இரண்டாவதை ‘விலையின் முதல் தவணை’ என்பேன். இரண்டுக்கும் ‘அட்வான்ஸ்’ என்று போட்டால் விலகும் வழி ஒன்றை மறைத்தவர்களாவோம்.

மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடாத ஒன்றும் உண்டு: மூலத்தின் மூடுமந்திரத்தைத் தெளிவாக்கிவிடுவது. ‘சில தரவுகளை எங்கள் பங்காளிகளுடன் பகிரலாம்’ என்று இருந்தால், எந்தத் தரவு, யார் பங்காளி என்று ஊகித்து எழுதுவது நிறுவனத்துக்குச் செய்யும் இலவச உதவி. பிரான்சில் நிபந்தனைகள் தெளிவாகவும் புரியும்படியும் இருக்கவேண்டும், சந்தேகம் வந்தால் நுகர்வோருக்குச் சாதகமாகப் பொருள்கொள்ளவேண்டும் என்று L211-1 பிரிவு சொல்கிறது. யூ.எஃப்.சி. கே ஷுவாசிர் என்ற நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்குகளில் பாரிஸ் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் ட்விட்டரின், 2019 பிப்ரவரியில் கூகுளின், அதே ஆண்டு ஏப்ரலில் ஃபேஸ்புக்கின் பல நிபந்தனைகளை நியாயமற்றவை, சட்டத்துக்கு மாறானவை என்று தீர்ப்பளித்தது. மூல வரி புகைமூட்டமாக இருப்பது வாங்கியவர் கையிலுள்ள வாதம். தமிழ் அதைத் துடைத்துவிட்டால் அந்த வாதம் அவர் கண்ணிலேயே படாது. நியாயமற்றதென்று நமக்குத் தோன்றும் வரியையும் உள்ளபடி மொழிபெயர்த்து, சந்தேகத்தைத் தனிக் குறிப்பாக வைக்கவேண்டும். பிரதிக்குள் கலக்கக்கூடாது.

பிரதி முடிந்ததும் சட்டம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுவது வழக்கம், காட்டத்தான் வேண்டும். அதற்கு முன், பிரெஞ்சு மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து, தையல் இயந்திரம் சனிக்கிழமை வந்தால் கடைசி நாள் எது, எத்தனை யூரோ திரும்பும், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று கேட்டுப் பார்க்கலாம். பிடித்திருக்கிறதா, புரிகிறதா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தேதியும் தொகையும் கேட்டால்தான் எந்த வரி தவறியது என்று தெரியும். அவர் 17 என்று சொன்னால் விடுமுறை வரியைத் திருத்தவேண்டும், 240 என்று சொன்னால் அஞ்சல் செலவு வரியை. ஈழத்தில் வளர்ந்தவர் ஒருவரும் தமிழகத்தில் வளர்ந்தவர் ஒருவரும் படித்துச் சொல்வது இன்னும் நல்லது. ‘உயர் நீதிமன்றம்’ என்பது கொழும்பில் நாட்டின் தலைமை நீதிமன்றத்தையும், சென்னையில் அதற்கு ஒரு படி கீழே உள்ளதையும் குறிக்கிறது. எந்த நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லும் நிபந்தனையில், பாரிஸ் நீதிமன்றத்தின் பிரெஞ்சுப் பெயரையும் சேர்த்தே எழுதிவிடலாம்.