விதியா, காரணமா?

இரசாயனச் சுருக்கத் தாளில் வினைகளை வினைப்பொருள் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் காரணமும் எழுத வேண்டுமென்கிறோம். ஹைட்ரஜன் புரோமைடு என்ற தலைப்பையே பாருங்கள். புரொப்பீனில் அது சேரும்போது, "ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனுக்கே மேலும் ஹைட்ரஜன்" என்று மாணவர்கள் மந்திரம்போல் ஓதுகிறார்கள். இதென்ன தலைவிதியா? இரட்டைப் பிணைப்பின் எலெக்ட்ரான்கள் முதலில் ஹைட்ரஜனைப் பிடிக்கின்றன. அது ஓரக் கார்பனில் ஒட்டினால், நேர்மின்சுமை நடுக் கார்பனில் நிற்கும். அங்கே இருபுறத்தாரும் சுமையைத் தாங்குவார்கள். பிறகு புரோமைடு அங்கே சேரும். பெராக்சைடு கலந்திருந்தாலோ, புரோமின் அணுவே முந்திக்கொண்டு ஓரத்தில் ஒட்டும். ஹைட்ரஜன் பின்னால் நடுவில் சேரும். விதி தலைகீழ்! 1933ல் கராஷும் மேயோவும் இதைக் காட்டினார்கள். மந்திரம் ஓதினவன் இங்கே திகைப்பான். எது முதலில் ஒட்டுகிறதென்று கேட்டவன் திகைக்க மாட்டான்.