'இன்னும் விடுதிக்குத் திரும்பவில்லை...' 8.31-க்கு அப்பாவின் போனுக்கு வரும் மெசேஜ் உண்மையில் சொல்வது என்ன? | நோட்டீஸ் போர்டு

மெஸ் மெனுவுக்குப் பக்கத்தில் வார்டன் கையெழுத்தோடு ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருக்கிறது. கல்லூரிப் பெண்கள் விடுதிகளில் இப்போது பார்க்கக்கூடிய நோட்டீஸ்தான். வார்த்தைகள் இடத்துக்கு இடம் மாறும், சாரம் இப்படி இருக்கும்:

"மாணவிகள் கவனத்துக்கு. வரும் திங்கள் முதல் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் வாசலில் உள்ள பயோமெட்ரிக் கருவியில் கட்டாயம் விரல் வைக்க வேண்டும். இரவு 8.30 மணிக்குள் திரும்பாதவர்களின் பெற்றோருக்குத் தானாகவே எஸ்.எம்.எஸ். செல்லும். பார்வையாளர் வந்தால் அவர் பெயரும் வந்த நேரமும் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும்."

இதைக் கேட்ட பெற்றோருக்கு நிம்மதி. பிள்ளைகளுக்கு எரிச்சல். ஆனால், இரண்டு தரப்புமே கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் கருவிக்கு ஒரு மாணவி எங்கே இருக்கிறார் என்பது தெரியாது. வாசலில் அவர் விரல் பதிவானதா, இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

ஒரு மழை நாள் மாலை

கோவையில் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். வீடு திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். மாலை 4.50-க்கு விரல் வைத்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்க வெளியே போகிறார். நல்ல மழை. 8.10-க்குத் திரும்பி வந்துவிடுகிறார்.

நனைந்த விரலைக் கருவி மூன்று முறையும் ஏற்கவில்லை. ஈரம், மருதாணி, துணி துவைத்துத் தேய்ந்த ரேகை எல்லாமே கைரேகைக் கருவிக்குச் சிக்கல்தான். பின்னால் வரிசை நிற்கிறது. "பேரை நோட்டுல எழுதிட்டுப் போம்மா" என்கிறார் வாட்ச்மேன். எழுதிவிட்டு மாடிக்குப் போனவர், போனை சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிட இறங்குகிறார்.

8.30-க்கு மென்பொருள் பட்டியலைப் பார்க்கிறது. அதில் அவருடைய கடைசிப் பதிவு 'வெளியே, 4.50'. வாட்ச்மேனின் நோட்டு அதற்குத் தெரியாது. 8.31-க்குத் திருவாரூரில் அப்பாவின் போன் ஒலிக்கிறது: 'உங்கள் மகள் இரவு 8.30 வரை விடுதிக்குத் திரும்பவில்லை.'

அப்பா மகளைக் கூப்பிடுகிறார். போன் அறையில் அடித்துக்கொண்டே இருக்கிறது. வார்டன் எண் பிஸி. 9 மணிக்கு மகள் மேலே வந்து பார்த்தால் 14 மிஸ்டு கால். அதற்குள் அம்மா அழுது, சித்தப்பா கோவைக்குக் கிளம்பத் தயாராகி, "இதுக்குத்தான் அவ்வளவு தூரம் அனுப்ப வேணாம்னு சொன்னேன்" என்று பாட்டியும் ஆரம்பித்திருப்பார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு இப்படி இரண்டு மெசேஜ் போனால், படிப்பே பேச்சுக்கு வந்துவிடும்.

தப்பு ஒரே வார்த்தையில்

'திரும்பவில்லை' என்பதுதான் அந்த வார்த்தை. கருவிக்குத் தெரிந்தது 'பதிவு இல்லை' என்பது மட்டும்.

இதை அன்றைக்கு அன்று மாற்றி அனுப்பவும் முடியாது. நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் எஸ்.எம்.எஸ்-ஸின் வாசகத்தை, டிராய் விதிப்படி, முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் பதிவுசெய்ய வேண்டும். பெயர், நேரம் போன்ற இடங்களை மட்டும் காலியாக விட்டு, அனுப்பும்போது நிரப்புவார்கள். மற்ற வார்த்தைகள் அப்படியேதான் போகும். அதனால் முதல் நாள் அந்த வாசகத்தை எழுதுகிறவர், வரப்போகும் ஒவ்வொரு இரவுக்கும் சேர்த்து எழுதுகிறார். 'இரவு 8.30 வரை வருகை பதிவாகவில்லை. விடுதியில் சரிபார்க்கிறோம்' என்று எழுதியிருந்தால் அந்த அப்பா வேறு மாதிரி படித்திருப்பார்.

இன்னொரு வகைப் பிழையும் உண்டு. விடுதியில் இன்டர்நெட் போய்விட்டால், பல கருவிகள் பதிவுகளைத் தங்களுக்குள் சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். இடையில் 8.30 ஆகிவிட்டால் உள்ளே இருக்கும் பல பேர் 'வராதவர்கள்' ஆகிவிடுவார்கள். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரே நேரத்தில் ஏகப்பட்ட வீடுகளுக்கு மெசேஜ் போயிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கருவியைத்தான். விரல் வைத்த நேரம், அது சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் கேட்டு ஒப்பிட்டால் விஷயம் வெளிச்சமாகிவிடும்.

இதற்குத் தீர்வும் பெரிய செலவில்லாதது. 8.30-க்குப் பட்டியல் முதலில் வார்டனுக்கும் மாணவிக்கும் போகட்டும். வாட்ச்மேன் நோட்டைப் பார்த்து, அறைக் கதவைத் தட்டிப் பார்க்க 20 நிமிடம். அதற்குப் பிறகும் ஆள் இல்லை என்றால் வீட்டுக்குப் போகட்டும். தப்பாகப் போய்விட்டால் 'பதிவு சரிசெய்யப்பட்டது' என்று இரண்டாவது மெசேஜ் போக வேண்டும். அதற்கான வாசகத்தையும் முதல் நாளே பதிவுசெய்ய வேண்டும்.

பார்க்க வந்தது யார்?

நோட்டீஸின் கடைசி வரியில் சிக்கல் வேறு மாதிரி. இங்கே கருவி சரியாக வேலை செய்தாலே பிரச்னை வரலாம்.

பெற்றோர் பிரிந்து வாழும் மாணவிகள் உண்டு. அட்மிஷன் படிவத்தில் இருப்பது அப்பாவின் எண். ஞாயிற்றுக்கிழமை அம்மா பார்க்க வருகிறார். வாசலில் பெயரைத் தட்டிய மறு நிமிடம் அப்பாவுக்குத் தகவல் போய்விடுகிறது. விருப்பமில்லாத கல்யாணப் பேச்சிலிருந்து தப்பி விடுதியில் இருக்கும் பெண்ணைப் பார்க்க, உதவி செய்யும் அத்தை வந்தாலும் இதே கதைதான். 'பெற்றோர் எண்' என்று ஒற்றைக் கட்டம் போட்டவருக்கு இந்த வீடுகள் நினைவுக்கு வந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பிய மாணவியின் தகவலுக்கு உரிமையாளர் அவர்தான், பெற்றோர் அல்ல. 18 வயதுக்குக் கீழே இருந்தால்தான் பெற்றோர் சம்மதம் என்ற பேச்சு வரும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான யு.ஜி.சி-யின் 2015 ஒழுங்குமுறைகளிலும் ஒரு வரி இருக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாரபட்சமான விடுதி விதிகளைப் பெண்களுக்கு மட்டும் போடக் கூடாது என்கிறது அது. எனவே, இதே நோட்டீஸ் ஆண்கள் விடுதியிலும் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்பது வம்பு இல்லை.

வார்டனிடம் என்ன கேட்கலாம்?

நோட்டீஸைக் கிழிப்பதைவிட, பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் பலன் தரும். அதில் நான்கு விஷயம் போதும். மெசேஜில் 'பதிவாகவில்லை' என்று இருக்கட்டும். வீட்டுக்குப் போகுமுன் 20 நிமிடம் சரிபார்க்கட்டும். யாருடைய எண்ணுக்குத் தகவல் போக வேண்டும் என்பதை மாணவி வார்டனிடம் தனியாகச் சொல்லி மாற்ற வழி வேண்டும். பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்று எழுத்தில் தரட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அறைத்தோழி ஒருவரின் எண்ணையும் விடுதி அலுவலக எண்ணையும் இன்றைக்கே போனில் சேமித்து வையுங்கள். 8.31-க்கு மெசேஜ் வந்தால், முதல் கால் சித்தப்பாவுக்குப் போக வேண்டாம். அறைத்தோழிக்குப் போகட்டும். "இதோ, கீழ சாப்பிட்டுட்டு இருக்கா அங்கிள்" என்ற பதில் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். அவருக்கும் தெரியவில்லை என்றால் உடனே விடுதி அலுவலகத்தைக் கூப்பிட்டு, "வாட்ச்மேன் நோட்டைப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள்.